யூரியா பில்லில் உள்ள மானியத்தைக் கழிக்காதீர்கள்: உரம், விதை ரசீதிலிருந்து ஒரு போகத்தின் செலவை எழுதும் முறை

புவனகிரி, சிதம்பரம் பக்கம் புதிதாக விவசாயத்துக்கு வருபவர்களிடம் ஒரே குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வெளியூர் வேலையை விட்டு வந்தவர்கள், அப்பாவுக்குப் பிறகு நிலத்தைக் கையில் எடுத்தவர்கள், குத்தகைக்குப் பிடித்தவர்கள் என்று எல்லாரும் உர பில்லையும் விதை பில்லையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அறுவடை முடிந்து ஏக்கருக்கு என்ன செலவு என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை வருகிறது. பில்லில் மானியம் என்று அச்சாகியிருக்கும் வரியை என்ன செய்வது என்று தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். எனக்கும் இதை யாரும் சொல்லித்தரவில்லை. கடையிலும் சங்கத்திலும் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் தனித்தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டு ஏக்கர் சம்பா நெல்லை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பார்ப்போம். ரகம் சி.ஆர். 1009 சப் 1. தண்ணீரில் சில நாள் மூழ்கினாலும் தாங்கும் என்பதால் நம் பக்கத்துத் தாழ்வான நிலங்களுக்கு ஏற்றது.

1. பில் வாங்கும் முன்: என்ன எடுத்துப் போக வேண்டும்

உரக் கடைக்கு ஆதார் போதும். மானிய உரம் எதுவானாலும் கைரேகை மெஷினில் ரேகை வைத்த பிறகுதான் பில் வரும். விரிவாக்க மையத்தில் மானிய விதை வாங்க ஆதாருடன் சிட்டா நகலும் வங்கிப் புத்தக நகலும் கேட்பார்கள். குத்தகை நிலமானால் என்ன காட்ட வேண்டும் என்று உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விதை வந்து இறங்கிய நாளில் போய்க் கேட்டால், நீங்கள் காகிதத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் இருப்பு தீர்ந்துவிடும்.

நீண்ட கால ரகத்துக்கு ஆகஸ்டிலேயே நாற்று விட வேண்டியிருப்பதால், விதையை ஜூலைக் கடைசிக்குள் விசாரித்து வையுங்கள். அடியுரத்தை நடவுக்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ஊரே நடவில் இறங்கிய பிறகு போனால், கடையில் இருப்பதைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

உரம் வாங்கப் போகும்போது யார் ரேகை வைக்கிறார்களோ அவர் பெயரில்தான் பில் வரும். வண்டிக்காரரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ ரேகை வைக்கச் சொன்னால் பில் அவர் பெயரில் விழும். கடன் கணக்குக்கோ நில உரிமையாளரிடம் காட்டுவதற்கோ பிறகு அந்தப் பில் உதவாது. உங்கள் ரேகையில் எத்தனை மூட்டை ஏறியிருக்கிறது என்பதைக் கடையை விட்டு இறங்கும் முன் பார்த்துவிடுங்கள். நீங்கள் எடுத்தது ஐந்து மூட்டை, பில்லில் எட்டு என்றால் அங்கேயே கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அதிக அளவில் யூரியா வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து அதிகாரிகள் விசாரிப்பதுண்டு. வராத மூட்டைக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

2. உர பில்லில் எந்தத் தொகை உங்களுடையது

மெஷினிலிருந்து வரும் நீளமான பில்லில் கடையின் பெயர், வாங்கியவர் பெயர், உரத்தின் பெயர், மூட்டை எண்ணிக்கை, விலை, மொத்தத் தொகை ஆகியவை இருக்கும். அத்துடன் மத்திய அரசு ஏற்கும் மானியம் என்று ஒரு தொகையும் இருக்கும். குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. வேப்பெண்ணெய் பூச்சுக்கான தொகையும் வரியும் இதற்குள்ளேயே அடக்கம். இதன் பக்கத்தில் அச்சாகியிருக்கும் மானியத் தொகை, மூட்டை விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். அதைப் பார்த்ததும் இது நமக்கு வங்கியில் வரும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். சிலர் அதை விலையிலிருந்து கழிக்கப் பார்க்கிறார்கள், கழித்தால் செலவு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. இன்னும் சிலர் மானியத்தையும் விலையையும் கூட்டி, உரத்தின் உண்மையான செலவு இது என்று எழுதுகிறார்கள். மூன்றுமே தவறு.

உர மானியம் விவசாயியின் கைக்கு வருவதில்லை. நீங்கள் ரேகை வைத்து வாங்கியது பதிவானதும் அரசு அந்தத் தொகையை உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அதனால்தான் மூட்டை உங்களுக்கு 266.50க்குக் கிடைக்கிறது. அந்த விலையே மானியம் போன பிறகு வந்த விலை. ஆகவே மானிய வரியைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும் படியுங்கள், நோட்டில் ஏற்ற வேண்டாம். டிஏபி, பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய் என்றால் உங்கள் செலவும் அதே 1,350.

கம்ப்யூட்டர் பில் கொடுக்கும் கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே டிஏபிக்கு எதிரே 1,285.71 என்று ஒரு தொகையும், அதன் கீழே சிஜிஎஸ்டி 2.5 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்று இரண்டு வரிகளும் இருக்கும். வரி இரண்டையும் சேர்த்தால் 64.29. முதலில் இருக்கும் தொகையை எழுதிவிட்டு வரியை விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் தான் கட்டிய வரியைத் திரும்ப ஈடுகட்டிக்கொள்வார். நம்மைப் போல ஜிஎஸ்டி பதிவு இல்லாத விவசாயிக்கு அந்த வழி கிடையாது. எனவே வரியும் செலவுதான், 1,350 என்றே எழுத வேண்டும்.

கடைசியாக, கொடுத்த பணத்தையும் பில் தொகையையும் ஒப்பிடுங்கள். ஐந்து மூட்டை யூரியா 1,332.50. கடையில் 1,400 வாங்கியிருந்தால் மீதி 67.50 எதற்கு என்று கேளுங்கள். ஏற்றுகூலி என்றால் அதைக் கூலி என்று தனி வரியில் எழுதுங்கள். காரணம் சொல்லாமல் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது விதிமீறல். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குப் பில் கையில் இருக்க வேண்டும்.

3. கேட்காமல் ஏறிய பொருளைப் பிரித்தெடுங்கள்

யூரியா தட்டுப்பாடாக இருக்கும் நாட்களில், அதனுடன் ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டையோ திரவ உர பாட்டிலையோ எடுத்தால்தான் மூட்டை என்று சொல்லும் கடைகள் உண்டு. என்னிடமும் ஒரு கடையில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கட்டாயப்படுத்துவது கூடாது என்று அரசு பல முறை சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

வேறு வழியில்லாமல் வாங்கியிருந்தால் அந்தத் தொகையை யூரியா செலவோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்கள் நோட்டில் யூரியா மூட்டை 350 ரூபாய் என்று நின்றுவிடும், அடுத்த ஆண்டுத் திட்டமும் அந்தத் தவறான விலையில்தான் போகும். பில்லில் பொருளின் பெயர் புரியவில்லை என்றால் எச்எஸ்என் எண்ணைப் பாருங்கள். உரங்களின் எண் 31 என்று தொடங்கும். பூச்சி, பூஞ்சண மருந்துகளுக்கு 3808, இவற்றுக்கு வரியும் 18 சதவீதம். சுருக்கெழுத்தில் அடித்த பெயரை வைத்து ஊகிப்பதைவிட இந்த எண் நம்பகமானது.

4. விதை ரசீதில் கணக்கு வேறு

உர பில்லுக்குப் பழகிய கண்ணோடு விதை ரசீதைப் படித்தால் தவறிப்போகும். விரிவாக்க மையத்தில் தரும் ரசீதில் விதையின் முழு விலை, மானியம், விவசாயி செலுத்திய தொகை என்று மூன்று தொகைகள் இருக்கும். இங்கே முழு விலை உண்மையாகவே முழு விலைதான். மானியம் உங்கள் எதிரிலேயே கழிக்கப்படுகிறது. நீங்கள் எழுத வேண்டியது மூன்றாவது தொகை.

நம் உதாரணத்தில் 60 கிலோ விதை. கணக்கு எளிதாக இருக்கக் கிலோ 40 ரூபாய் என்றும் மானியம் கிலோவுக்கு 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். விலையும் மானியமும் ரகத்துக்கும் திட்டத்துக்கும் ஏற்ப மாறும், உங்கள் ரசீதில் இருப்பதே உங்களுக்குச் சரி. முழு விலை 2,400, மானியம் 1,200, நீங்கள் கட்டியது 1,200. செலவு 1,200.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, 2,400ஐச் செலவில் எழுதுவது. ஏக்கருக்கு 600 ரூபாய் கூடுதலாக நிற்கும். இன்னொன்று, 1,200ஐச் செலவில் எழுதிவிட்டு, மானியம் 1,200ஐ வரவிலும் எழுதுவது. அப்போது விதையே இலவசமாக வந்ததுபோல் ஆகிவிடும். மானியத்தைத் தெரிந்துவைக்க விரும்பினால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள், கூட்டும் இடத்தில் வேண்டாம்.

தனியார் கடையில் விதை வாங்கினால் மானிய வரியே இருக்காது, முழு விலையும் உங்கள் செலவு. விதைப்புக்கான நெல் விதைக்கு ஜிஎஸ்டி கிடையாது. விதை வரியின் மீது வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

விதை ரசீதில் தொகைக்குச் சமமாகப் பார்க்க வேண்டியது குவியல் எண். ரசீதில் எழுதிய குவியல் எண்ணும் மூட்டையில் தைத்திருக்கும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை. உண்மைநிலை விதை என்றால் பச்சை அட்டை. நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் என்று அட்டையில் இருக்கும், பரிசோதித்த நாளும் காலாவதி நாளும் இருக்கும். மூட்டையைப் பிரிக்கும்போது அட்டையைக் கிழித்து எறிந்துவிடாமல் ரசீதோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். ஒரு பிடி விதையையும் தாளில் மடித்து உடன் வைத்தால் இன்னும் நல்லது. நாற்றங்காலில் முளைப்பு சரியில்லை, அல்லது கதிர் வரும்போது வேறு ரகம் கலந்திருக்கிறது என்று புகார் கொடுக்கப் போனால், முதலில் கேட்பது இந்த அட்டையையும் ரசீதையும்தான்.

5. பிறகு வரும் பணமும் பணமே கட்டாத பொருளும்

முழு விலையையும் கட்டி வாங்கியபின் மானியம் வங்கிக் கணக்கில் வரும் திட்டங்கள் உண்டு. புதுச்சேரியில், பாகூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகை நன்றாகவே பழக்கம். இங்கே ரசீதில் உள்ள முழுத் தொகையையும் வாங்கிய நாளில் செலவாக எழுதுங்கள். வர வேண்டிய தொகையைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். வங்கிப் புத்தகத்தில் வரவு விழுந்த நாளில்தான் அதைக் கழிக்க வேண்டும். அதிகாரி சொன்னார், பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக முன்கூட்டியே கழித்துவிடாதீர்கள். போக முடிவுக்குள் வரவில்லை என்றால் வராத நிலையிலேயே கணக்கை முடியுங்கள், பிறகு வந்தால் வந்த ஆண்டில் எழுதிக்கொள்ளலாம்.

முழு மானியத்தில் கிடைக்கும் பொருள் இன்னொரு வகை. குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் சில ஆண்டுகள் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி, அரை மூட்டை பொட்டாஷ் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். இப்படி வந்ததை நோட்டில் எழுதாமலே விட்டுவிடுவோர் அதிகம். தொகையில் பூஜ்யம் போட்டாலும் கிலோவை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் போகத்தில் குறைந்த உரத்தில் நல்ல விளைச்சல் வந்ததாக நோட்டு சொல்லும், அதை நம்பி அடுத்த போகத்தில் உரத்தைக் குறைத்துவிடுவீர்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனின் ஒரு பகுதியாக உரம் எடுப்பவர்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். கையிலிருந்து காசு போகாததால் பலர் அன்றைக்குச் செலவாக எழுதுவதில்லை. அறுவடைக்குப் பிறகு கடனைக் கட்டும்போது கட்டிய முழுத் தொகையையும் செலவில் போடுகிறார்கள். கடனில் ரொக்கமாக வாங்கிய பணத்தில் நடவுக் கூலி கொடுத்து அதை ஏற்கெனவே எழுதியிருப்பார்கள், இப்போது அதே செலவு இரண்டாம் முறை ஏறுகிறது. சரியான முறை இது: உரம் எடுத்த நாளில் பில் தொகையைச் செலவாக எழுதி, பக்கத்தில் ‘கடன்’ என்று குறியுங்கள். கடனைத் திருப்பிக் கட்டுவது செலவு அல்ல. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. தவறினால் விழும் வட்டி மட்டும் தனிச் செலவு. கடன் தரும்போது சங்கம் பிடித்துக்கொள்ளும் பங்குத் தொகையும் செலவு அல்ல, அது உங்கள் பெயரில்தான் சங்கத்தில் இருக்கிறது.

6. நோட்டில் ஏற்றுவது

வாங்கிய அன்று மாலையே ஏற்றிவிடுங்கள். மெஷின் பில் வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதங்களில் வெளுத்துவிடும். சட்டைப் பையிலும் வண்டிப் பெட்டியிலும் கிடந்தால் இன்னும் சீக்கிரம் எழுத்து மறையும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நகல் எடுக்கும் கடை பக்கத்தில் இருந்தால் நகலும் எடுங்கள். செலவு சில ரூபாய்தான்.

நோட்டில் நாள், பில் எண், பொருள், எந்த வயல், எத்தனை கிலோ, கொடுத்த தொகை, ரொக்கமா கடனா என்று கட்டம் போடுங்கள். மூட்டைக் கணக்கில் எழுத வேண்டாம், கிலோவில் எழுதுங்கள். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபியும் பொட்டாஷும் 50 கிலோ. எல்லாம் மூட்டைதானே என்று கூட்டினால் தழைச்சத்துக் கணக்கு தப்பிவிடும்.

வயல் அளவையும் ஒரே அலகில் வையுங்கள். பெரியவர்கள் காணிக் கணக்கில் சொல்வார்கள், சிட்டாவில் ஹெக்டேர் இருக்கும், பரிந்துரை ஏக்கருக்கோ ஹெக்டேருக்கோ இருக்கும். நம் பக்கம் ஒரு காணி 132 சென்ட், ஏக்கர் 100 சென்ட். ‘காணிக்கு இவ்வளவு’ என்று பக்கத்து வயல்காரர் சொன்ன செலவை உங்கள் ஏக்கர் செலவோடு அப்படியே ஒப்பிட்டால், நீங்கள் சிக்கனமாகச் செய்ததாகத் தோன்றும்.

7. இரண்டு ஏக்கருக்கும் கணக்கை முடித்துப் பார்ப்போம்

பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20, சாம்பல் சத்து 20. ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி போட்டால் மணிச்சத்து முடிந்துவிடும், தழைச்சத்திலும் 9 கிலோ வந்துவிடும். மீதி 51 கிலோ தழைச்சத்துக்கு 111 கிலோ யூரியா, அதாவது இரண்டரை மூட்டை. இரண்டு ஏக்கருக்கு டிஏபி 2, யூரியா 5. பொட்டாஷ் ஏறக்குறைய 67 கிலோ தேவை, ஒன்றரை மூட்டை விற்க மாட்டார்கள் என்பதால் 2 மூட்டை வாங்கினோம். பொட்டாஷ் விலை நிறுவனத்துக்கு ஏற்ப மாறும், இங்கே மூட்டை 1,600 என்று கொள்வோம்.

விதைக்குக் கட்டியது 1,200. டிஏபி 2,700. யூரியா 1,332.50. பொட்டாஷ் 3,200. ஆக, ரசீதுகளின்படி கொடுத்தது 8,432.50.

பொட்டாஷில் வயலுக்குப் போட்டது 75 கிலோ, 25 கிலோ வீட்டில் நிற்கிறது. கிலோ 32 ரூபாய் வீதம் அதன் மதிப்பு 800. இதை இந்தச் சம்பாவின் மேல் ஏற்றக் கூடாது. 8,432.50இல் 800 போனால் 7,632.50. அந்த 25 கிலோ, எந்தப் பயிருக்குப் போகிறதோ அதன் பக்கத்தில் 800 ரூபாயோடு முதல் வரியாக ஏற வேண்டும். நிழலில், தரையில் படாமல், கட்டி வைத்த மூட்டைக்குத்தான் இந்த மதிப்பு. நவம்பர் மழையில் நனைந்து கரைந்துவிட்டால் அந்த 800ஐயும் இந்தப் போகத்தின் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

பில்லில் வராதது வண்டி வாடகையும் இறக்குகூலியும். வாடகை 300, ஒன்பது உர மூட்டைக்கு இறக்குகூலி பத்து ரூபாய் வீதம் 90 என்றால் மொத்தம் 390. சேர்த்தால் 8,022.50. ஏக்கருக்கு 4,011.25. விதைக்கும் உரத்துக்கும் உங்கள் கையிலிருந்து போனது இதுதான். பூச்சி மருந்து, நடவு, களை, அறுவடை எல்லாம் தனிப் பக்கம்.

வாரத்துக்கு உழுபவர்கள் நில உரிமையாளரோடு உரச் செலவைப் பங்கிடும்போதும் இதே தொகையை வையுங்கள். உரிமையாளர் பில்லில் உள்ள மானிய வரியைக் காட்டி ‘இதை அரசே கொடுத்துவிட்டதே’ என்று கேட்டால், மூட்டையில் அச்சிட்ட விலையையும் நீங்கள் கட்டிய தொகையையும் அருகருகே காட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் புரிந்துவிடும். இந்தப் பேச்சை அறுவடைக் களத்தில் வைத்துக்கொள்ளாமல் அடியுரம் வாங்கிய வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

8. எப்போது மூடுவது

சம்பா அறுவடை தை மாதத்தில் முடியும். அதன் பின்னாலேயே உளுந்துக்கு வாங்கும் விதை, தெளிப்புக்கு வாங்கும் டிஏபி என்று புதுப் பில்கள் வரத் தொடங்கும். அவற்றைப் பில் தேதியை வைத்துப் பிரிக்காமல் எந்தப் பயிருக்கு வாங்கியது என்று பார்த்துப் பிரியுங்கள். உளுந்து விதையை அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நிற்கும் நெல்லுக்குள் தெளிப்பதால், அதன் ரசீது சம்பா காலத் தேதியில்தான் இருக்கும், ஆனால் செலவு உளுந்தினுடையது. நெல்லைப் போட்டுப் பணம் வந்து, சங்கக் கடனும் அடைந்த பிறகு அந்தப் போகத்துப் பில்களை ஒரு கவரில் போட்டு மேலே போகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். விதை அட்டையும் அதே கவரில் இருக்கட்டும்.